எந்த லோடைத் திருப்பி அனுப்புவீர்கள்?

2023-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சில குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருப்பது தெரியவந்தது. வீட்டுச் சுவர்ப் பூச்சு, தண்ணீர்க் குழாய் என்று வழக்கமான இடங்களில் தேடிய அதிகாரிகள் கடைசியில் வந்து நின்றது, குழந்தைகள் உறிஞ்சிச் சாப்பிடும் ஆப்பிள் கூழ் பாக்கெட்டில். இலவங்கப்பட்டை சேர்த்த கூழ் அது. ஈக்வடார் நாட்டு ஆலை ஒன்றில் தயாரானது. ஆலையில் மிச்சமிருந்த பட்டைப் பொடியை எடுத்துச் சோதித்தபோது, ஒரு கிலோவில் 5 கிராமுக்கும் மேல் ஈயம் இருந்தது. இத்தகைய வாசனைப் பொருள்களுக்கு உலக உணவுத் தர அமைப்பு அப்போது பரிசீலித்துவந்த உச்சவரம்பு, கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். அதாவது சுமார் 2,000 மடங்கு. சந்தேகத்துக்குரியவை உட்பட 500-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பாதிப்பு இதனுடன் சேர்த்துப் பதிவானது.

பட்டை எங்கிருந்து வந்தது? இலங்கையிலிருந்து. ஆனால் இலங்கையிலிருந்து போன பட்டைக் குச்சிகளில் ஈயக் கலப்பு இல்லை என்று ஈக்வடார் அதிகாரிகள் கண்டறிந்தார்கள். குச்சியாக வந்த சரக்கு ஈக்வடாரில் ஓர் இடத்தில் அரைக்கப்பட்டு, இன்னொருவர் கைமாறி, பொடியாக ஆலைக்குள் நுழைந்திருக்கிறது. அரைத்த இடத்தில்தான் கலப்படம் நடந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. பொடியில் ஈயத்தோடு குரோமியமும் சேர்ந்திருந்தது, மஞ்சள் நிறத்துக்குச் சேர்க்கப்படும் லெட் குரோமேட் என்ற சாயத்தைக் காட்டிக்கொடுத்தது. பட்டைப் பொடியில் ஈயம் இருக்கலாம் என்ற ஆபத்தையே அந்த ஆலை தன் திட்டத்தில் கணக்கில் எடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பின்னர் குறித்தது. சரக்கு உள்ளே வரும்போது ஒரே ஒரு ஈயப் பரிசோதனை செய்திருந்தால் அது வாசலோடு நின்றிருக்கும்.

இந்தச் சம்பவத்தை நம்மூரில் உணவுத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் படிக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. வங்கிக் கடனுக்கோ, மத்திய அரசின் சிறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான மானியத்துக்கோ விண்ணப்பிக்கும்போது திட்ட அறிக்கை ஒன்று கொடுக்க வேண்டும். 2020-இல் தொடங்கியபோது அந்த மானியத் திட்டம் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தருவதாக இருந்தது. அறிக்கையில் 'செயல்பாடுகள்' என்ற பகுதி வரும். எந்திரம், ஆட்கள், மின்சாரம் எல்லாம் அங்கே விரிவாக இருக்கும். தரம் என்று வந்தால் பெரும்பாலும் இரண்டே வரி: 'மூலப்பொருள்கள் தரமான விற்பனையாளர்களிடம் வாங்கப்படும். உணவுப் பாதுகாப்பு விதிகள் முழுமையாகப் பின்பற்றப்படும்.' இந்த இரண்டு வரியை எந்தத் தொழிலுக்கும் ஒட்டலாம், அதனால் எந்தத் தொழிலுக்கும் உதவாது. எந்த லோடு வந்தால் திருப்பி அனுப்புவோம், எதை வைத்து அதை முடிவுசெய்வோம், அதன் செலவு யார் தலையில் விழும் என்பதை அந்தப் பக்கம் சொல்ல வேண்டும்.

உதாரணத்துக்கு நாளொன்றுக்கு 300 கிலோ மிளகாய்த் தூள் அரைக்கப்போகும் ஒரு சிறு ஆலையை எடுத்துக்கொள்வோம். காரத்துக்கு ராமநாதபுரம் முண்டு வத்தல், நிறத்துக்குக் கர்நாடகத்து பியாடகி, இரண்டுக்கும் நடுவே சம்பா என்று கலந்து அரைப்பதாகத் திட்டம். எந்திரம் வாங்குவதற்கு முன் இந்தத் தொழிலில் தீர்மானிக்க வேண்டியது ஈரம்.

மிளகாய்த் தூளில் ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வத்தலின் மேல் தண்ணீர் தெளிப்பது சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். எடை கூடும்; உடையாமல் மூட்டை பிடிக்கலாம்; நிறமும் பளிச்சென்று தெரியும். 40 கிலோ மூட்டைகள் 25, மொத்தம் ஒரு டன் வத்தல் 16 சதவீத ஈரத்தோடு வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் தண்ணீர் போக உள்ள சரக்கு 840 கிலோ. அதை 11 சதவீதத்துக்கு உலர்த்தினால் 944 கிலோ ஆகும். கிலோ 200 ரூபாய் என்று வைத்தால், மறைந்துபோன 56 கிலோவுக்குக் கொடுத்த 11,200 ரூபாய் தண்ணீருக்குக் கொடுத்த விலை. உலர்த்தும் கூலி தனி.

பண நஷ்டம் இதில் சின்னப் பகுதிதான். ஈரத்தோடு மூட்டைக்குள் அடைபட்ட வத்தலில் பூஞ்சை பிடிக்கும். அவற்றில் சில வகைகள் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கின்றன. அது கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். கண்ணுக்குத் தெரியாது, மணம் கிடையாது, வறுத்தாலும் அரைத்தாலும் முழுதாகப் போகாது. வாசலில் கோட்டைவிட்டால் ஆலைக்குள் அதைச் சரிசெய்ய எந்த எந்திரமும் இல்லை. ஆகவே ஈரத்துக்கான எல்லை, கொள்முதல் ஆர்டரிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். 11 சதவீதத்துக்குள் இருந்தால் பேசிய விலை. அதற்கு மேல் குறிப்பிட்ட ஓர் அளவு வரை எடையில் கழிவு. அதையும் தாண்டினால் லோடு திரும்பும். மண்டியில் வாய்ப்பேச்சாக நடக்கும் வியாபாரத்தில் இந்த மூன்று படியை எழுதி வாங்குவது சுலபமில்லை. ஆனால் லாரி வந்து நின்ற பிறகு பேசுவதைவிட அது எவ்வளவோ சுலபம்.

லாரி வந்து நிற்கும் அந்த அரை மணி நேரத்தைத்தான் திட்டம் மிக விரிவாக எழுத வேண்டும். தரகர் திறந்து காட்டும் மூட்டையைப் பார்ப்பது சோதனை ஆகாது. மொத்த மூட்டைகளின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டி, அத்தனை மூட்டைகளைத் திறப்பது தொழிலில் உள்ள வழக்கம். 25 மூட்டை என்றால் ஆறு. எந்த ஆறு என்பதை ஆலையின் ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும். அடியில் கிடக்கும் மூட்டையும் அதில் இருக்க வேண்டும். அரிசிக்குப்போல் குத்தூசி போட்டு வத்தலை இழுக்க முடியாது. மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டி, வாய்ப்பக்கம், நடு, அடி என்று மூன்று இடத்தில் அள்ள வேண்டும்.

அள்ளியதைக் கையில் இறுக்கினால் நன்றாகக் காய்ந்த வத்தல் சடசடவென்று நொறுங்கும். குலுக்கினால் உள்ளே விதை ஓசை கேட்கும். ஈரம் ஏறியது மடங்கிக்கொண்டு, கையை விட்டதும் மெல்ல நிமிரும். அடுத்தது, பத்துப் பதினைந்து வத்தலை நீளவாக்கில் கிழித்துப் பார்ப்பது. வெளித்தோல் செக்கச்செவேலென்று இருக்கும். உள்ளே காம்படியில் விதைகளைச் சுற்றிச் சாம்பலோ கறுப்போ பூத்திருக்கும். கிழிக்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. பிறகு ஒரு வெள்ளைத் தாளில் வத்தலைத் தேய்ப்பது. பளபளப்புக்காக எண்ணெய் தடவியிருந்தால் தாளில் திட்டு விழும், நிறம் ஏற்றியிருந்தால் சிவப்பு ஒட்டும். சோடை வத்தலைத் தனியே பொறுக்கி எடை போட்டு, நூற்றுக்கு எத்தனை என்று பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஈரத்தைச் சிறிய ஈரமானி காட்டிவிடும். இவை எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம். ஒரு தராசு, ஓர் ஈரமானி, ஒரு பதிவேடு போதும்.

இந்தச் சோதனையின் எல்லையையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 25 மூட்டையில் ஒன்று மட்டும் பூஞ்சை பிடித்தது என்றால், ஆறு மூட்டையைத் திறந்து பார்ப்பவரின் கண்ணுக்கு அது படாமல் போக 76 சதவீத வாய்ப்பு உண்டு. பூஞ்சை ஒரே சீராகப் பரவாது, மூலையில் நனைந்த ஒரு மூட்டையில் உட்கார்ந்திருக்கும். எனவே வாசல் சோதனையோடு நிறுத்திக்கொள்ளும் திட்டம் பாதித் திட்டம்.

மீதிப் பாதி, காம்பு கிள்ளும் இடத்தில் இருக்கிறது. சிறு ஆலைகளில் ஒவ்வொரு வத்தலும் ஒரு மனிதரின் கண்ணுக்கும் கைக்கும் வரும் ஒரே இடம் அதுதான். தரையில் உட்கார்ந்து காம்பு கிள்ளும் பெண்கள், அந்த ஆலையின் ஆகக் கூர்மையான சோதனையாளர்கள். ஆனால் அவர்களுக்குக் கூலி எப்படிப் பேசப்பட்டிருக்கிறது? கிள்ளிய வத்தல் கிலோவுக்கு இவ்வளவு என்று. பூஞ்சை வத்தலைப் பொறுக்கித் தனியே போட்டால் எடை குறையும், கூலியும் குறையும். கூட்டத்தோடு தள்ளிவிட்டால் இரண்டும் கூடும். சுவரில் எத்தனை தரக் கொள்கை மாட்டினாலும் இந்தக் கூலிக் கணக்குதான் ஜெயிக்கும். ஒதுக்கிய வத்தலுக்கும் சேர்த்து எடை போட்டுக் கூலி கொடுப்பது, அல்லது நாள் கூலியாக மாற்றுவது என்று செயல்பாட்டுப் பக்கத்தில் ஒரு வரி எழுதினால், பல எந்திரங்கள் செய்யாத வேலையை அது செய்யும். நல்ல வெளிச்சம், உயரமான மேசை, ஒதுக்கியதைப் போட வேறு நிறக் கூடை என்பவையும் அதே வரியோடு சேர்ந்தவை.

அரவை எந்திரத்தின் சுத்தியல் தேய்மானத்திலிருந்து இரும்புத் துகள் விழும். அரைத்த பின் வலுவான காந்தத்தின் மேல் தூளை ஓடவிட்டு, காந்தத்தில் ஒட்டியதைத் தினமும் எடுத்து எடை பார்க்க வேண்டும். அந்த எடை திடீரென்று ஏறினால் எந்திரத்தைத் திறக்க வேண்டிய நாள் வந்துவிட்டது.

இனி, ஆலைக்குள்ளேயே முடிக்க முடியாத பரிசோதனைகள். மிளகாய்த் தூளைத் தண்ணீர்த் தம்ளரில் தூவினால் செயற்கைச் சாயம் கோடு கோடாக இறங்கும் என்ற வீட்டுச் சோதனை பலருக்குத் தெரியும். அது தண்ணீரில் கரையும் சாயத்துக்கு மட்டும் சரி. மிளகாய்த் தூளில் உலகெங்கும் பெரிய பிரச்சினையைக் கிளப்பிய சூடான் சாயம் எண்ணெயில்தான் கரையும். தம்ளர்த் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அந்தத் தெளிவைப் பார்த்து நிம்மதி அடைவதுதான் ஆபத்து.

சூடான் என்ன செய்யும் என்பதற்கு 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் நடந்ததே சாட்சி. வொர்செஸ்டர் சாஸ் என்ற சுவைக் குழம்பில் ஒரு சிறு பங்காகச் சேர்ந்திருந்த மிளகாய்த் தூளில் சூடான் 1 சாயம் இருந்தது. தூள் 2002-இல் இந்தியாவிலிருந்து இறக்குமதியானது. 2003-இல் பிரான்சில் இதே சாயம் பிடிபட்டு, ஐரோப்பிய ஒன்றியம் பரிசோதனைச் சான்றிதழைக் கட்டாயமாக்கியதற்கு முன்பே அது உள்ளே போய்விட்டது. சாஸ் பல நிறுவனங்களின் தயார்நிலை உணவுகளில் சேர்ந்தது. முடிவில் 400-க்கும் மேற்பட்ட உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க நேர்ந்தது. ஒரு கரண்டித் தூள்கூட நேரடியாக வாங்காத நிறுவனங்களும் அதில் அடக்கம்.

சூடான், அஃப்ளடாக்சின், ஈயம், பூச்சிக்கொல்லி எச்சம் ஆகியவற்றுக்கு அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக்கூடமே வழி. உரிமம் பெற்ற தயாரிப்பாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. ஆறு மாதத்தில் நம் உதாரண ஆலை 40 டன்னுக்கு மேல் அரைத்திருக்கும். அதில் ஒரு கைப்பிடியைச் சோதித்து நிம்மதியாக இருக்க முடியாது. ஒவ்வொரு லோடுக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்யச் சிறு ஆலைக்குக் கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. நடைமுறைக்கு ஒத்துவரும் வழி, ஆபத்துக்கு ஏற்றபடி பிரிப்பது. புதிய விற்பனையாளரின் முதல் மூன்று லோடுக்கும் முழுப் பரிசோதனை. பழகியவருக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் ஏதோ ஒரு லோடில். மழைக்காலத்தில் வந்த சரக்குக்கு அஃப்ளடாக்சின் கட்டாயம்.

விற்பனையாளரைச் சரிபார்ப்பது என்றால் அவருடைய உரிம எண்ணை வாங்கிக் கோப்பில் போடுவது என்றே பலர் நினைக்கிறார்கள். உரிமமோ பதிவோ உள்ளவரிடம்தான் வாங்க வேண்டும், அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்பது சட்ட நிபந்தனையே. அந்த 14 இலக்க எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் அடித்தால் உரிமம் உயிரோடு இருக்கிறதா, எந்த முகவரிக்கு, எந்த வகைத் தொழிலுக்கு என்பது தெரியும். 'வர்த்தகம்' என்று மட்டும் உரிமம் வைத்திருப்பவர் அரைத்த தூளைக் கொடுக்க முன்வந்தால், அதை அரைத்தது யார் என்று கேட்க வேண்டும். விற்கும் பொருள் சரியானது என்று எழுத்தில் உத்தரவாதம் தரும் படிவம் ஈ-யும் கையெழுத்தாகி வர வேண்டும்.

நேரடியாக விவசாயியிடம் வாங்கும் ஆலைக்கு நிலைமை வேறு. விவசாயிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவரிடம் கேட்க உரிம எண் கிடையாது. எந்தக் களத்தில் உலர்த்தினார், மண் தரையிலா சிமென்ட் களத்திலா தார்ப்பாயிலா, கடைசி மருந்து எப்போது அடித்தார், பறித்து எத்தனை நாள் மூட்டையில் இருந்தது என்று நேரில் போய்ப் பார்த்து எழுதி வைப்பதே அங்கே சரிபார்ப்பு. மண்டிச் சரக்கைவிட இதில் ஒரு பெரிய வசதி உண்டு: சரக்கு எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பது தெரியும்.

விற்பனையாளர் கொடுக்கும் பரிசோதனை அறிக்கையைப் படிக்கத் தெரிய வேண்டும். அதில் லோடு எண் இருக்கிறதா, வாசலில் நிற்கும் சரக்கின் எண்ணும் அதுவும் ஒன்றா? தேதி எப்போது? 'மாதிரியைப் பரிசோதனைக்கூடம் எடுக்கவில்லை' என்ற வரி பல அறிக்கைகளில் இருக்கும். விற்பவரே பொறுக்கி அனுப்பிய மாதிரிக்குக் கிடைத்த முடிவு அது என்று பொருள். அறிக்கை பொய்யாக இருக்க வேண்டியதில்லை; வந்திருக்கும் சரக்கைப் பற்றியதாக இல்லாமல் இருந்தாலே போதும், ஆலை ஏமாந்துவிடும்.

ஈக்வடார் சம்பவத்திலிருந்து நேராக எடுத்துக்கொள்ளக் கூடிய விதி ஒன்று: முழுதாக வாங்க முடிந்ததைப் பொடியாக வாங்காதே. பொடியில் எதையும் ஒளிக்கலாம். ஆனால் இந்த விதியும் எல்லா இடத்திலும் காப்பாற்றாது. வங்கதேசத்தில் மஞ்சளைப் பாலிஷ் போடும்போதே கிழங்கின் மேல் லெட் குரோமேட் பூசிவந்தார்கள். 2019-இல் ஆய்வாளர்கள் இதை வெளிப்படுத்திய பிறகு அரசு தொடர்ந்து சோதனையும் அபராதமும் நடத்தியது. 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த கலப்படம் 2021-இல் காணாமல் போனது. மஞ்சள் அரைக்கும் ஆலைக்குப் பாடம், கிழங்கை உடைத்து வெளி நிறத்தையும் உள் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும், புதிய ஆளின் சரக்கை ஈயப் பரிசோதனைக்கு அனுப்புவதும்.

லோடு எண்ணைப் பற்றி அறிக்கைகள் அதிகம் பேசுவதில்லை, சட்டம் பேசுகிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, ஒரு தொகுப்பில் ஒரு பகுதி பாதுகாப்பற்றது என்று தெரிந்தால், வேறுவிதமாக நிரூபிக்கும்வரை தொகுப்பு முழுவதுமே அப்படித்தான் என்று கொள்ளப்படும். நம் ஆலை ஒரு மாதம் அரைத்ததற்கெல்லாம் ஒரே எண் போட்டிருந்தால், ஒரு நனைந்த மூட்டைக்காக மாதச் சரக்கு முழுவதையும் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டிவரும். நாளுக்கு ஓர் எண் என்றால் 300 கிலோ, நூறு கிராம் பாக்கெட்டில் 3,000. அந்த எண்ணுக்கு எதிரே அன்று கலந்த முண்டு யாருடையது, பியாடகி யாருடையது, சம்பா எந்த லோடு என்று பதிவேட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளின் தூளிலும் கால் கிலோவை மூடி முத்திரையிட்டு, பாக்கெட்டின் காலாவதித் தேதி வரை வைத்திருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால், நியாயமான எல்லாச் சோதனையும் செய்தேன் என்று ஆலை தன் தரப்பைச் சொல்லச் சட்டம் இடம் தருகிறது. அதைச் சொல்லக் கையில் இருக்கப்போவது இந்தப் பதிவேடும் மாதிரிப் பொட்டலமும்தான்.

இத்தனைக்கும் பிறகு நிதிப் பக்கத்தைத் திறந்தால், பெரும்பாலான அறிக்கைகளில் ஓர் ஓட்டை தெரியும். பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை அந்த வத்தலை அரைக்கக் கூடாது. ஆலை நிற்காமல் ஓட வேண்டுமானால் ஏழு நாள் சரக்கு, 2,100 கிலோ, முன்கூட்டியே வாங்கி நிறுத்தி வைக்கப்பட்டிருக்க வேண்டும். கிலோ 200 ரூபாய்க் கணக்கில் 4,20,000 ரூபாய். நடைமுறை மூலதனத்தில் இந்தத் தொகை இல்லையென்றால், முடிவு வருவதற்கு முன்பே வத்தல் அரவைக்குப் போய்விடும். செயல்பாட்டுப் பகுதியில் எழுதியது எதுவும் நடக்காது. நிறுத்தி வைத்த சரக்குக்குத் தனி இடமும் வேண்டும். ஒரே கிடங்கில் சேர்த்து அடுக்கினால் அவசரத்தில் கை எதன் மேல் படும் என்று சொல்ல முடியாது. மஞ்சள் கோடு போட்டுப் பிரித்த ஒரு மூலையோ கம்பி வலையோ போதும், ஆனால் அதன் சதுர அடி கட்டட வரைபடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது விற்பனையாளரும் அதே காரணத்துக்காகத் தேவை. ஒரே ஆளிடம் வாங்கும் ஆலை, கிடங்கு காலியாக இருக்கும் நாளில் 16 சதவீத ஈரத்தோடு லாரி வந்து நின்றால் அதை இறக்கத்தான் செய்யும். ஒவ்வொரு வகை வத்தலுக்கும் முன்பே சரிபார்த்து வைத்த இருவரையாவது பெயரோடு குறிப்பிட்டு, திரும்பும் லோடின் லாரி வாடகை விற்பவருடையது என்று ஆர்டரில் எழுதி, லோடை மறுக்கும் அதிகாரம் கொள்முதல் செய்பவரிடம் இல்லாமல் வேறொருவரிடம் இருப்பதாகக் காட்டும் அறிக்கையை வங்கி மேலாளர் நிதானமாகப் படிப்பார். ஒரு வருடத்தில் இருபது லோடில் ஒன்று திரும்பும் என்று கணக்கில் எடுத்து, அந்த ஒரு நாள் உற்பத்தி இழப்பையும் நிதிப் பக்கத்தில் காட்டியிருந்தால், அவர் கேட்கப்போகும் அடுத்த கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கும்.